குப்பம்மாளின் அம்மா என்ன சொல்வாள்?

கேள்வி: நான் எழுதிய முதல் சிறுகதையை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. கதையின் நாயகி 1982-ல் திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். பெயர் குப்பம்மாள். 2004-ல் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் அவள் பெயரை ஹேமலதா என்று மாற்றிவிடுகிறார்கள். விவாகரத்துக்குப் பிறகு, நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிறந்தபோது வைத்த பெயருக்கே திரும்புகிறாள். அம்மா முதலில் 'ஊர் என்ன சொல்லும்' என்று கத்துகிறாள். பெண்ணுக்கு அவள் பெயர் எவ்வளவு முக்கியம் என்று மகள் விளக்கியதும் அழுது கட்டிக்கொள்கிறாள். படித்தவர்கள் எல்லோரும் அம்மா மட்டும் டிவி சீரியல் அம்மா மாதிரி இருக்கிறாள் என்கிறார்கள். அவள் கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா? எங்கே தவறு? கதையை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன். அம்மாவின் வசனங்களை எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் இந்தக் குறை போகாது. ஏனென்றால் குறை வசனத்தில் இல்லை. பதினொரு பக்கக் கதையில் ஒரு இடத்தில்கூட, அந்தக் குழந்தைக்குக் குப்பம்மாள் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்ற கேள்வி வரவில்லை. மகளுக்கு அது 'என் பெயர்', மாப்பிள்ளை வீட்டுக்கு அது 'பட்டிக்காட்டுப் பெயர்'. அம்மாவுக்கு அது என்ன? அது தெரியாமல் அவள் கோபப்படுவாளா சந்தோஷப்படுவாளா என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாமல்தான் ஊர்ப் பேச்சைக் கடன் வாங்கி அவள் வாயில் வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர் சாதாரணப் பெயர் இல்லை. குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, தவிட்டம்மாள், மூக்கன், மூக்கம்மாள் போன்ற பெயர்களில் பலவும் முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளில் வைத்தவை. அடுத்த பிள்ளை பிறந்ததும் அதை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் யாராவது அதைக் கண்டெடுத்த மாதிரி எடுத்து வருவாள். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து, தன் பிள்ளையையே அவளிடமிருந்து வாங்கிக்கொள்வாள். சில வீடுகளில் மூக்கும் குத்துவார்கள். இது யாரும் ஆசைப்படுகிற பிள்ளை இல்லை, இவளுடைய பிள்ளையும் இல்லை, குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வந்தது என்று சாவை நம்பவைக்கிற ஏற்பாடு அது. பெயர் அந்த ஏற்பாட்டின் கடைசிப் பகுதி. பிள்ளையை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்தப் பொய்யைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

நம்மில் பாதிப் பேரையாவது சின்ன வயதில் 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று கேலி செய்து அழவிட்டிருப்பார்கள். உங்கள் நாயகிக்கு அது கேலி இல்லை, நடந்த விஷயம்.

இப்போது அம்மாவின் வயதைக் கணக்குப் போடுங்கள். 1958 வாக்கில் பிறந்தவள், 1976-ல் கல்யாணம், 1978-ல் ஒரு பிள்ளை, 1980-ல் ஒன்று, இரண்டும் தங்கவில்லை, 1982-ல் இவள். இது மிகைப்படுத்தல் ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். 1980 வாக்கில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. வீட்டிலேயே, கைக்குக் கிடைத்த பிளேடால் தொப்புள்கொடி அறுக்கப்பட்டு, பிறந்த ஒரு வாரத்தில் ஜன்னி கண்டு இறந்த பிள்ளைகளின் கணக்கு அதில் நிறைய. இருபத்துநான்கு வயதில் மூன்றாவது பிள்ளையைக் கையில் வாங்கும் ஒருத்தி, அதற்கு ஆசையாக ஒரு பெயர் வைக்கப் பயப்படுகிறாள். அந்தப் பயம்தான் குப்பம்மாள்.

இதே நாயகிக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்திருந்தீர்கள் என்றால் கதை வேறு பக்கம் போயிருக்கும். வரிசையாகப் பெண்கள் பிறந்த வீட்டில், இனிமேல் பெண் வேண்டாம் என்று வைக்கிற பெயர் அது. மகள் அதற்குத் திரும்பினால் அம்மாவுக்கு வருவது வெட்கம். அப்போது பெயர் வைத்தது மாமியாரா, புருஷனா, தானேவா என்பதெல்லாம் முக்கியமாகிவிடும். குலதெய்வத்தின் பெயர் என்றால், மாற்றினதற்குச் சாமி குத்தம் என்று பயந்துகொண்டிருந்த அம்மாவுக்குத் திரும்பினது நிம்மதியாக இருக்கும். குப்பம்மாளின் அம்மாவுக்கு இந்த இரண்டும் இல்லை. அவள் அந்தப் பெயரை வைத்தது காப்பாற்ற. பிள்ளை தங்கிவிட்டது, வளர்ந்துவிட்டது, பத்தாவது பாஸ் பண்ணிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயரால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'குப்பை, குப்பை' என்று மற்ற பிள்ளைகள் கூப்பிட்டதை அவளும் கேட்டிருப்பாள்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக வருகிறது. 2004-ல் மாப்பிள்ளை வீட்டார் பெயரை மாற்றலாமா என்று கேட்டபோது, இந்த அம்மா வருத்தப்பட்டிருக்க மாட்டாள். அவளுக்கு அது விடுதலையாக இருந்திருக்கும். தன் மகளுக்குக் கடைசியில் ஒரு நல்ல பெயர். உங்கள் கதையில் மகள் பதினெட்டு வருஷமாக மாப்பிள்ளை வீட்டார் மேல் வைத்திருக்கும் கோபத்தில் ஒரு பங்கு அம்மாவுக்குச் சேர வேண்டியது, அது மகளுக்குத் தெரியாது. உங்கள் கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதை வாசகர் நம்ப வேண்டும் என்றால் அம்மா கை வைத்த ஒரு பொருள் வேண்டும். நான் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வேன். நம் ஊர்ப் பத்திரிகையில் இரண்டு பெயர் உள்ளவர்களுக்கு நடுவில் ஒரு 'எ' போட்டு அச்சடிப்பது வழக்கம்தானே. அச்சாபீஸிலிருந்து வந்த புரூஃபில் 'ஹேமலதா (எ) குப்பம்மாள்' என்று இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில் ஆட்சேபணை இல்லை, ஊர்க்காரர்களுக்குப் பெண் யார் என்று தெரிய வேண்டுமே என்று அவர்களே விட்டுவிட்டார்கள். அப்பா அதைப் படித்துக் காட்டுகிறார். 'எ'வையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் எடுத்துவிட்டு வரச் சொல்லி அவரைத் திரும்ப அனுப்பியவள் அம்மா. அச்சான பத்திரிகையில் மகள் பார்த்தது ஹேமலதா மட்டும். அவர்கள்தான் அழித்தார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் அவளிடம் பொய் சொல்லவில்லை, கேட்காததால் சொல்லவும் இல்லை.

பத்திரிகையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009-ல்தான் வந்தது. 2004-ல் ஒரு கிராமத்துக் கல்யாணம் பதிவாகாமலே போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படி என்றால் விவாகரத்து வழக்கில் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி பத்திரிகையும் புகைப்படமும்தான். அம்மா திருத்திக் கொடுத்த அதே பத்திரிகை வழக்குக் கட்டில் ஆவணமாகத் தைக்கப்பட்டிருக்கும். ஹேமலதா என்ற பெயரின் முதல் ஆதாரமும் அதுவே. அதைப் பார்த்துக் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, அப்புறம் ஆதார், வங்கிக் கணக்கு என்று ஒன்றை வைத்து ஒன்றாக அந்தப் பெயர் ஏறியிருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மட்டும் ஏ. குப்பம்மாள் என்று அப்படியே இருந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டாரும் அதைத் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்து நீதிமன்றம். பெயர் மாற்ற உங்கள் நாயகி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. இதை நிச்சயம் திருத்துங்கள், ஏனென்றால் விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே கதையை மூடிவிடுவார். தமிழ்நாட்டில் பெயர் மாற்றம் என்பது தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிடுவது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும். பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று, ஒளிப்படம், கட்டணம், இவளுக்கு விவாகரத்துத் தீர்ப்பின் நகலும் சேரும். அவ்வளவுதான். வாதம் இல்லை, நீதிபதி இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு பக்க நீதிமன்றக் காட்சி, நீதிபதி கண்ணாடியைக் கழற்றிப் பாராட்டுவது எல்லாம் போய்விடும். அது போவதில் கதைக்கு நஷ்டம் இல்லை.

அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு ஒரே ஒரு வாக்கியம்தான். இன்ன பெயருடைய நான், இன்னாரின் மகள் அல்லது மனைவி, இன்ன தேதியில் பிறந்தவள், சொந்த மாவட்டம் இன்னது, இன்ன முகவரியில் வசிப்பவள், இனி இன்ன பெயரால் அறியப்படுவேன். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிற்கும். ஒவ்வொரு இதழிலும் இப்படிப்பட்ட வாக்கியங்கள் பக்கம் பக்கமாக வரும். எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டினவர், மதம் மாறினவர், பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதின பெயரைச் சரி செய்பவர் எல்லோரும் அடுத்தடுத்து இருப்பார்கள். எல்லோருக்கும் அதே வாக்கியம். ஏன் மாற்றுகிறாய் என்ற காரணத்துக்கு அதில் இடமே கிடையாது. உங்கள் நாயகி மூன்று பக்கத்துக்குப் பேசும் காரணங்களை அரசிதழ் கேட்கவில்லை, சிறுகதையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த வாக்கியத்தில் உங்களுக்கு உதவும் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன. முதலாவது சொந்த மாவட்டம். திண்டிவனம் இன்று விழுப்புரம் மாவட்டம், ஆனால் அந்த மாவட்டம் உருவானது 1993-ல். அவள் பிறந்தபோது அது தென்னாற்காடு. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதில் தென்னாற்காடு என்றும், அரசிதழில் விழுப்புரம் என்றும் வரும். ஒரு வரி எழுதினால் போதும், காலம் வந்துவிடும். இரண்டாவது, இந்த வாக்கியம் அப்பாவின் பெயரைச் சொல்லும், அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குப்பைமேட்டுக்கு முறத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் அதில் இல்லை. இதைக் கதையில் யாரும் சுட்டிக்காட்டக் கூடாது. வாக்கியத்தை முழுசாக ஒருமுறை கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், கவனிக்கிற வாசகர் கவனிப்பார்.

ஒரு சின்ன விலகல். விவாகரத்து ஆகாமல் பிரிந்து மட்டும் வாழும் பெண்ணை எழுதுவதாக இருந்தால், இந்தக் காகித வேலையே பெரிய கதை. மத்திய அரசின் அரசிதழில், திருமணத்துக்கு முந்தைய பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண்ணிடம் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது கணவரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் கேட்டார்கள். அதை எதிர்த்து ஒரு பெண் 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தன் சொந்தப் பெயருக்குத் திரும்பப் புருஷனிடம் கையெழுத்துக் கேட்டு நிற்கிற நிலைமை எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது. ஆனால் அது வேறு கதை. இந்தக் கதைக்குள் அதைக் கொண்டுவந்தால் அம்மா மறைந்துபோவாள்.

நீதிமன்றம் முழுக்க வீண் என்றும் இல்லை. அதைப் பெயர் மாற்றத்திலிருந்து எடுத்து, விவாகரத்தில் வையுங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு வரும்போது வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும், நெரிசலான தாழ்வாரத்தில், 'ஹேமலதா... ஹேமலதா...' என்று ஒரு குரல். எழுந்து உள்ளே போக வேண்டும். மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் ஹேமலதா என்று கையெழுத்து. இப்படி நாலைந்து வருஷம் போனால், அந்தப் பெயரை இனி யாரும் கூப்பிடக் கூடாது என்று ஒரு பெண் நினைப்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். உங்கள் கதையில் மகள் 'என் அடையாளம்' என்று ஆறு இடத்தில் சொல்கிறாள். அந்த ஆறையும் எடுத்துவிட்டு இந்தத் தாழ்வாரத்தை ஒரே பத்தியில் வைத்தால் மகளின் பக்கம் முடிந்தது.

சரி, இப்போது அம்மாவிடம் வருவோம். கதையை மகள் தன் வாயால் சொல்வதாகவே வைத்திருக்கிறீர்கள், அதை மாற்ற வேண்டாம். அவளுக்குத் தெரியாத ஒன்று அம்மாவிடம் இருப்பதால் அந்தக் கோணம்தான் சரி. கதை நடப்பது 2022 என்று வைத்துக்கொள்வோம், மகளுக்கு நாற்பது, அம்மாவுக்கு அறுபத்துநான்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் அரசிதழ் நகலோடு ஊருக்கு வந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் நிலக்கடலை அதிகம் என்பதால் அம்மாவின் கையில் விதைக்கடலையைக் கொடுத்தேன். காட்சி இப்படி இருக்கலாம்:

அம்மா திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை நீட்டியதும் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.

"இன்னா இது?"

"கெசட்டும்மா. பேர மாத்திட்டேன்."

"நல்ல பேரா?"

"என் பேருதான். குப்பம்மாள்."

காகிதத்தை என்னிடமே கொடுத்தாள். ஒரு கடலையை எடுத்து உடைத்தாள். பருப்பை முறத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அத எதுக்கு எடுத்த?"

"அது என் பேரும்மா. அவங்கதான மாத்துனாங்க."

"அவங்க எங்க மாத்துனாங்க. பத்திரிகைல ரெண்டு பேரும் போட்டுத்தான் புரூப்பு வந்துச்சு. உங்கப்பா படிச்சிக் காட்டுனாரு. நான்தான் அதை எடுத்துட்டு வான்னு அனுப்பிச்சேன். திண்டிவனத்துக்கு ரெண்டு தடவ பஸ் ஏறுனாரு."

எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "ஏம்மா?" என்றேன்.

"உனக்கு முன்னால ரெண்டு போச்சில்ல." சொத்தைக் கடலை ஒன்றை வாசலில் எறிந்தாள். கோழி ஓடி வந்தது. "அது எமனுக்குச் சொன்ன பேரு பாப்பா. உன்னக் கூப்புடவா வச்சேன்?"

இந்தக் காட்சியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "நல்ல பேரா?" என்று அம்மா கேட்பதுதான் இதில் எனக்கு முக்கியமான வரி. பெயர் மாற்றினேன் என்றதும் அவள் மனசு முதலில் போவது அங்கே. மகளுக்கு இன்னும் ஒரு படி நல்ல பெயர் கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறாள். அந்த இரண்டு சொல்லைக் கேட்ட வாசகருக்கு, அடுத்த வரியில் அவள் ஏன் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்பது முழுசாகப் புரிந்திருக்காது, ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இல்லை என்பது புரிந்திருக்கும். அவள் கத்தவில்லை. கோபப்பட வேண்டுமா சந்தோஷப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவளுக்கு இந்த இடத்தில் வருவது இரண்டுமில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மகள்மேல் பூசிய அழுக்கைக் கழுவிவிட்டோம் என்று இருந்தவள், மகள் அதை விரும்பி எடுத்துப் பூசிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கிறாள். அதற்கு ஒரு பெயர் சொல்லத் தேவையில்லை.

அவள் 'பாப்பா' என்று கூப்பிடுவதையும் கவனியுங்கள். இந்த அம்மா மகளைக் குப்பம்மாள் என்றும் கூப்பிட்டிருக்க மாட்டாள், ஹேமலதா என்றும் கூப்பிட்டிருக்க மாட்டாள். வெளியாட்கள் முன்னால் குப்பு, வீட்டுக்குள் பாப்பா. அதைக் கதையின் முதல் பக்கத்திலேயே, போனில் பேசும் ஒரு சாதாரண இடத்தில் போட்டு வையுங்கள். கடைசியில் கொண்டுவந்து வைத்தால் தந்திரம் மாதிரி தெரியும்.

எமன் வரிக்குப் பிறகு ஓர் ஆபத்து இருக்கிறது. அது கனமான வரி. அதற்கு மேல் அம்மா இன்னொரு கனமான வரி சொன்னால் இரண்டும் கெட்டுப்போகும். மகள் அதற்குப் பதில் சொன்னாலும் கெட்டுப்போகும். குப்பைமேட்டையும் தவிட்டையும் அங்கே விளக்க ஆரம்பித்தால் அதைவிட மோசம். அந்த விவரத்தை முன்னாலேயே, பாட்டியோ பக்கத்து வீட்டு அத்தையோ சிரித்துக்கொண்டே சொன்ன பழைய கதையாகக் கொடுத்துவிடுங்கள். மகளுக்கு அது சிரிப்புக் கதையாகவே இருந்திருக்கிறது. முறத்தில் கிடந்த தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தி அதில் இருந்தாள் என்று அவள் யோசித்ததில்லை.

அழுது கட்டிக்கொள்வதை எடுத்துவிடுங்கள். யார் சொல்வது சரி என்று கதை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு அந்தப் பெயர் வேண்டும், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. அம்மாவுக்கு அது வேண்டாம், அதற்கும் அவளுக்குக் காரணம் இருக்கிறது. யாரும் மனசு மாற வேண்டாம். முடிவுக்கு உங்களுக்கு ஆதார் விதி ஒன்று உதவும். ஆதாரில் ஒருவர் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். இவளுடைய ஆதார் ஹேமலதா என்ற பெயரில்தான் முதலில் எடுக்கப்பட்டது. அரசிதழ் நகலை வைத்து இப்போது குப்பம்மாள் என்று மாற்றுவது முதல் முறை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, கடலை உடைத்துக்கொண்டே, "திரும்ப மாத்த முடியாதா?" என்று கேட்கலாம். "இன்னும் ஒரு தடவ முடியும்" என்று மகள் சொல்லலாம். மகள் அதைத் தகவலாகச் சொல்கிறாளா, அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளா என்பதை நீங்கள் விளக்காதீர்கள். அங்கே கதையை நிறுத்தலாம்.

இப்படித் திருத்தினால் பதினொரு பக்கம் ஆறு பக்கமாகக் குறையும். 'மீண்டும் பிறந்தேன்' என்ற தலைப்பு மகளின் பக்கம் சாய்ந்து நிற்கிறது, அதை மாற்றுங்கள். எழுத உட்காருவதற்கு முன்னால் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். பிள்ளையைக் குப்பையிலிருந்து எடுப்பது யார், தவிடு எவ்வளவு, அன்றைக்குப் பெற்றவளும் கூடப் போவாளா, வீட்டிலேயே இருப்பாளா என்பதெல்லாம் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். உங்கள் நாயகியின் ஊரில் எப்படியோ அப்படியே எழுதுங்கள். பெற்றவள் வீட்டுக்குள் இருந்தாள் என்று தெரியவந்தால், பாட்டி சொல்லும் அந்தச் சிரிப்புக் கதையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.